சந்தைக்கு ஒரு சுவிட்ச் வைக்கலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

சில மாதங்களாக ஊரில் ஒரு வர்த்தக முறை சுற்றி வருகிறது. பங்குகளை வாங்கி விற்பதற்கான ஒரு விதி, அதோடு ஒரு சுவிட்ச். "சந்த நல்லா இருந்தா மட்டும் இது வேல செய்யும் சேர். கெட்ட காலம் வந்தா தானா ஓப் ஆகிடும்" என்று எங்களிடம் படித்த பிள்ளைகளே வந்து விளக்குகிறார்கள். கூடவே ஒரு வரைபடம். சந்தை விழுந்த இடங்களிலெல்லாம் அந்தக் கோடு மட்டும் விழாமல் சமதரையாகப் போகிறது, பிறகு ஏறுகிறது. கட்டார் காசு, சீட்டுக் காசு, தங்கச்சியின் கலியாணத்துக்கு ஒதுக்கிய காசு என்று பல வீட்டுப் பணம் இதற்குள் போக நிற்கிறது. விற்பவர் யார் என்பது இந்தப் பதிவின் விஷயமல்ல. அந்தச் சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது, அந்த வரைபடம் எப்படி வந்தது என்பதுதான் விஷயம். நாங்கள் மூன்று ஆசிரியர்கள், இருவர் கணிதம், ஒருவர் வர்த்தகப் பிரிவு, பாடசாலை விட்ட பிறகு சில நாட்கள் உட்கார்ந்து இதை எக்செல்லில் போட்டுப் பார்த்தோம். பங்குவர்த்தகம் கூடுமா கூடாதா என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். எங்களுக்குத் தெரிந்தது கணக்கு மட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுவிட்ச் என்ற யோசனை ஏமாற்று வேலை அல்ல. உலகம் முழுவதும் பெரிய நிதி முகாமையாளர்கள் பாவிப்பதுதான். சந்தை எப்போதும் ஒரே குணத்தோடு இருப்பதில்லை. சில வருடங்கள் மெதுவாக, அமைதியாக ஏறும். சில மாதங்கள் கடல் கொந்தளிப்பது போல ஒரு நாள் ஏழு சதவீதம் விழும், மறுநாள் ஐந்து ஏறும். ஒரு குணத்தில் லாபம் தரும் முறை இன்னொரு குணத்தில் கையைச் சுடும். ஆகவே இப்போது எந்தக் குணம் என்று பார்த்து, முறையைப் போடுவதா அணைப்பதா என்று தீர்மானிப்பது நியாயமான யோசனைதான்.

குணத்தை அறிய இரண்டு அளவுகோல்கள் வழக்கத்தில் உள்ளன.

ஒன்று போக்கு. கடந்த 200 வர்த்தக நாட்களின் முடிவு விலைகளைக் கூட்டி 200ஆல் பிரித்தால் ஒரு சராசரி வரும். இன்றைய விலை அதற்கு மேலே இருந்தால் போக்கு ஏறுமுகம், கீழே இருந்தால் இறங்குமுகம். அவ்வளவுதான். இதையே மாதக் கணக்கில் செய்பவர்கள் மாத இறுதி விலைகள் பத்தின் சராசரியை எடுப்பார்கள். அமெரிக்காவின் மெப் ஃபேபர் 2007இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு இந்தப் பத்து மாத விதி மிகவும் பிரபலமானது.

மற்றது தளம்பல். விலை எந்தப் பக்கம் போகிறது என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு ஆடுகிறது என்பதை மட்டும் அளப்பது. உயர்தரத்தில் படித்த நியம விலகல் நினைவிருக்கும்தானே, அதுவேதான். கடந்த 20 நாட்களின் தினசரி மாற்றங்களின் நியம விலகலை எடுத்து, ஒரு வருடத்துக்கான அளவாக மாற்ற 252இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். ஒரு வருடத்தில் சுமார் 252 வர்த்தக நாட்கள், அதன் மூலம் ஏறத்தாழ 16. ஆகவே நாளொன்றுக்கு 1 சதவீதம் ஆடும் சந்தையின் தளம்பல் வருடத்துக்கு 16 சதவீதம்.

நாளை விலை ஏறுமா இறங்குமா என்று சொல்ல முடியாதபோது தளம்பலை மட்டும் எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்கலாம். கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இன்று கடல் கொந்தளித்தால் நாளையும் கொந்தளிக்கவே வாய்ப்பு அதிகம். அலை படகை எந்தப் பக்கம் தள்ளும் என்பது வேறு கேள்வி. விலையிலும் பெரிய அசைவைத் தொடர்ந்து பெரிய அசைவு வருகிறது, சிறியதைத் தொடர்ந்து சிறியது. மண்டல்பிரோ 1963இலேயே இதைக் கவனித்தார். ரொபர்ட் எங்கல் 1982இல் இதற்குக் கணித வடிவம் கொடுத்து, அதற்காக 2003இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இனி உண்மையான விலைகளுக்கு வருவோம். பழைய தரவு சுத்தமாகவும் இலவசமாகவும் கிடைப்பதால் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 சுட்டெண்ணை எடுத்தோம். முறையும் மிக எளியது: சுவிட்ச் போட்டிருந்தால் சுட்டெண்ணை வைத்திருப்பது, அணைந்தால் விற்றுவிட்டுக் காசாக இருப்பது. பங்கிலாபத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் 2008 நெருக்கடி. பத்து மாத விதிப்படி 2007 நவம்பர் இறுதியில் சுட்டெண் 1,481. சராசரி 1,483. மயிரிழையில் கீழே. விதி சொல்கிறது, விற்று வெளியே வா. அந்த நேரம் பெரிய வீழ்ச்சி எதுவும் தொடங்கியிருக்கவில்லை. வெளியே வந்தவரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். பிறகு பதினெட்டு மாதங்கள் ஒவ்வொரு மாத இறுதியிலும் விலை சராசரிக்குக் கீழேயே இருந்தது. 2009 மார்ச் 9 அன்று 677 வரை விழுந்தது. 2009 ஜூன் இறுதியில்தான் 919 என்ற விலை 900 என்ற சராசரியைத் தாண்டியது. 1,481க்கு விற்றதை 919க்குத் திருப்பி வாங்கலாம். அதாவது 38 சதவீதம் மலிவாக. சுவிட்சின் புகழ் முழுக்க இந்த மாதிரிக் காலங்களில்தான் சம்பாதிக்கப்பட்டது.

இப்போது 2020. கொரோனாக் காலம், எல்லோருக்கும் நினைவிருக்கும். பெப்ரவரி 19 அன்று சுட்டெண் 3,386 என்ற உச்சத்தில். பெப்ரவரி இறுதியில் 2,954, பத்து மாத சராசரி 3,017. விதி வெளியே அனுப்புகிறது. மார்ச் 23 அன்று சந்தை 2,237ஐத் தொட்டது. வெளியே இருப்பவருக்கு நிம்மதி. ஆனால் அதே வேகத்தில் திரும்பி ஏறத் தொடங்கிவிட்டது. ஏப்ரல் இறுதியில் 2,912, சராசரி 2,997, இன்னும் உள்ளே வர அனுமதியில்லை. மே இறுதியில் 3,044, சராசரி 3,003, இப்போது வரலாம். 2,954க்கு விற்றவர் 3,044க்குத் திருப்பி வாங்குகிறார், 3 சதவீதம் கூடிய விலைக்கு. பெரும் வீழ்ச்சியைப் பார்க்காமல் தப்பினார், ஆனால் காசுக் கணக்கில் ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தவரைவிடப் பின்தங்கினார்.

இரண்டுக்கும் ஒரே விதிதான், வீழ்ச்சியின் வேகம்தான் வேறு. போக்கு வடிகட்டி மெதுவாக, நீண்டு விழும் சந்தையில் காப்பாற்றும். சடுதியாக விழுந்து சடுதியாக எழும் சந்தையில் செலவு வைக்கும். எது வரப்போகிறது என்பதை அது முன்கூட்டிச் சொல்லாது. காப்புறுதி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணைப் பணம் கட்டியாக வேண்டும். தவணையே கட்டாமல் காப்புறுதி தரும் ஒரு வரைபடத்தைக் காட்டினால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

அந்தத் தவணை எவ்வளவு என்பதைப் பார்க்க 2020இன் ஒரே ஒரு வாரம் போதும். இம்முறை மாத விதியல்ல, தினசரி 200 நாள் விதி. அந்த நாட்களில் சராசரி 3,050ஐ ஒட்டியே இருந்தது. பெப்ரவரி 27 அன்று சுட்டெண் 4.4 சதவீதம் விழுந்து 2,979இல் முடிந்தது. கோட்டுக்குக் கீழே, விற்றாயிற்று. மார்ச் 2 அன்று 3,090, கோட்டுக்கு மேலே, வாங்கியாயிற்று. மார்ச் 3 அன்று 3,003, மறுபடி விற்பனை. மார்ச் 4 அன்று 3,130, மறுபடி கொள்வனவு. மார்ச் 5 அன்று 3,024, மறுபடி விற்பனை. 3,090க்கு வாங்கி 3,003க்கு விற்றதில் 2.8 சதவீத நட்டம். 3,130க்கு வாங்கி 3,024க்கு விற்றதில் 3.4 சதவீத நட்டம். நான்கே நாட்களில் மொத்தம் 6.1 சதவீதம் போய்விட்டது. அதன் பிறகு விதி மே 27 அன்று 3,036க்குத்தான் உள்ளே வரவிடும். கூட்டிப் பார்த்தால் சும்மா வைத்திருந்தவரைவிட ஏறத்தாழ 8 சதவீதம் பின்னால். கோட்டைச் சுற்றி விலை இப்படி முன்னும் பின்னும் வெட்டுவதுதான் இந்த விதியின் நிரந்தர நோய்.

இது அமெரிக்காவில், தரகுக் கட்டணம் இல்லாமல் போட்ட கணக்கு. கொழும்பில் பத்துக் கோடி ரூபாவுக்குக் குறைந்த ஒரு கொடுக்கல் வாங்கலுக்குத் தரகு, பரிவர்த்தனைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 1.12 சதவீதம் என்பது பல வருடங்களாக உள்ள அறவீடு. வாங்கும்போதும் உண்டு, விற்கும்போதும் உண்டு. மேலே சொன்ன நான்கு நாள் ஆட்டத்தை இங்கே ஒரு பங்கில் ஆடியிருந்தால், நட்டத்துக்கு மேல் இன்னொரு நாலரை சதவீதம்.

இப்போது அந்த வரைபடத்துக்கு வருவோம். பிள்ளை ஒருவர் கொண்டுவந்த எக்செல் கோப்பைத் திறந்து சூத்திரங்களைப் பார்த்தோம். B நிரலில் முடிவு விலை, C நிரலில் அன்றைய மாற்றம், D நிரலில் சுவிட்ச் (போட்டால் 1, அணைந்தால் 0), E நிரலில் முறையின் அன்றைய லாபம். அமைப்பு இப்படி:

```
C202: =B202/B201-1
D202: =IF(B202>AVERAGE(B3:B202),1,0)
E202: =D202*C202
```

பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் மூன்றாவது வரியை நின்று யோசியுங்கள். இன்றைய சுவிட்ச், இன்றைய முடிவு விலையை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. அந்த முடிவு விலை சந்தை மூடும்போதுதான் தெரியும். ஆனால் E நிரலோ அந்தச் சுவிட்சை இன்று முழுவதற்குமான லாபத்தோடு பெருக்குகிறது. மாலையில் வந்த பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்துவிட்டு, காலையில் எந்தக் கேள்விக்கு விடை எழுதுவது என்று தீர்மானித்த கதை இது. இன்று மாலை தெரிந்த சுவிட்ச் நாளைய லாபத்துக்கு மட்டுமே பொருந்த முடியும். சரியான வரி இதுதான்:

```
E202: =D201*C202
```

ஒரே ஒரு கட்டம்தான் வித்தியாசம். அதன் விளைவை அதே மார்ச் வாரத்தில் பார்ப்போம். பிழையான வரியில், பெப்ரவரி 27இன் 4.4 சதவீத வீழ்ச்சி முறையைத் தொடவே இல்லை, ஏனென்றால் அன்று மாலை கோட்டுக்குக் கீழே போனதால் அன்று காலையே சுவிட்ச் அணைந்ததாகக் கணக்காகிறது. மார்ச் 2 அன்று சந்தை 4.6 சதவீதம் ஏறியது. பிழையான வரி அந்த ஏற்றம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. மார்ச் 3 வீழ்ச்சியிலிருந்து தப்புகிறது. மார்ச் 4இன் 4.2 சதவீத ஏற்றத்தை எடுக்கிறது. மார்ச் 5 வீழ்ச்சியிலிருந்து தப்புகிறது. மார்ச் 2 முதல் 5 வரையான நான்கு நாட்களுக்குப் பிழையான வரி காட்டுவது 9 சதவீத லாபம். சரியான வரி காட்டுவது 6.1 சதவீத நட்டம். அதே தரவு, அதே விதி.

இது எங்கே அதிகமாக நடக்கும் என்பதையும் கவனியுங்கள். அமைதியான நாட்களில் ஒரு கட்டப் பிழையால் பெரிய மாற்றம் வராது. பெரிய அசைவுள்ள நாட்களில்தான், அதுவும் விலை கோட்டைக் கடக்கும் நாட்களில்தான், இந்தப் பிழை அள்ளிக் கொடுக்கும். அதனால்தான் அந்த வரைபடம் நெருக்கடிக் காலங்களில் விழாமல் இருக்கிறது. பார்ப்பவர் அந்த இடத்தைத்தான் முதலில் பார்ப்பார், பார்த்து மயங்குவார். கோப்பைச் செய்தவர் வேண்டுமென்று செய்தாரா, கவனக்குறைவா என்று எங்களுக்குத் தெரியாது. கவனக்குறைவாக இருக்கவும் இடமுண்டு, படித்தவர்களிடமும் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை இது. D202ஐ D201 ஆக்கி இழுத்துவிட்டபோது வரைபடம் என்ன ஆனது என்பதைக் கொண்டுவந்த பிள்ளையே பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "அப்ப சேர், தளம்பல் சுவிட்சும் இருக்கே, அது காப்பாத்தாதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

தளம்பலை நாமே கணக்கிடலாம், மேலே சொன்ன நிரல்களில் இப்படி:

```
=STDEV.S(C183:C202)*SQRT(252)
```

உதாரணத்துக்கு 2020 மார்ச் 9 முதல் 13 வரையான ஐந்து நாட்களின் மாற்றங்கள் முறையே −7.6, +4.9, −4.9, −9.5, +9.3 சதவீதம். நியம விலகல் 8.2. வருட அளவில் 130 சதவீதம். சாதாரணக் காலத்தில் இது 10க்கும் 20க்கும் இடையில் உலாவும் எண். அமெரிக்கச் சந்தைக்கு இதைத் தனியாகக் கணக்கிடவும் தேவையில்லை, விக்ஸ் என்ற சுட்டெண் இருக்கிறது. வரும் 30 நாட்களில் சந்தை எவ்வளவு ஆடும் என்று தெரிவுரிமை ஒப்பந்தங்களின் விலைகள் எதிர்பார்ப்பதை அது காட்டும். கொழும்புச் சந்தைக்கு அப்படியொன்று கிடையாது, எக்செல்லில்தான் போட வேண்டும்.

இதே 2020இல் விக்ஸை வைத்துப் பார்ப்போம். விதி: விக்ஸ் 25ஐத் தாண்டினால் அணை. பெப்ரவரி 19 உச்சத்தின்போது விக்ஸ் 14. பெப்ரவரி 24 அன்று 25.03. அன்று சுட்டெண் 3,226. போக்கு வடிகட்டி 2,979இல் விழித்தது, இது 3,226இலேயே விழித்துவிட்டது. வெளியே போவதில் தளம்பல் கெட்டிக்காரன். மார்ச் 16 அன்று விக்ஸ் 82.69 வரை போனது. நம் ஆள் வெளியே, பத்திரமாக.

திரும்பி வருவதில்தான் சிக்கல். சந்தை ஏறும்போதும் பயம் அவ்வளவு சீக்கிரம் தணியாது. வெளியேறிய அதே 25ஐ நுழைவுக்கும் வைத்தால், ஜூன் 5 அன்று விக்ஸ் 24.52, சுட்டெண் 3,194, உள்ளே வரலாம். ஆனால் அடுத்த வாரமே மறுபடி 25க்கு மேல் போய் அணைந்துவிடும், ஜூன் 11 அன்று விக்ஸ் 40ஐத் தாண்டியது. போடு, அணை, போடு, அணை என்ற அதே நோய். இதைத் தவிர்க்க இரண்டு கதவு வைப்பார்கள். வெளியேற 25, உள்ளே வர 20. நல்ல யோசனை, பிறீசர் பெட்டியின் வெப்பநிலைச் சுவிட்சும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் விக்ஸ் 20க்குக் கீழே முடிந்தது எப்போது தெரியுமா? 2021 பெப்ரவரி 12 அன்று, 19.97. அன்று சுட்டெண் 3,935. 3,226க்கு விற்றவர் ஏறத்தாழ ஒரு வருடம் வெளியே நின்று, 22 சதவீதம் கூடிய விலைக்குத் திரும்பி வாங்குகிறார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2022இல் அதே சுட்டெண் ஜனவரியில் 4,797இலிருந்து ஒக்டோபரில் 3,577 வரை, நான்கில் ஒரு பங்கு விழுந்தது. ஆனால் விக்ஸ் ஒரு நாளாவது 40ஐத் தொடவில்லை. 2020ஐப் பார்த்துப் பயந்து 40இல் சுவிட்ச் வைத்தவருக்கு அந்த வருடம் முழுவதும் அது அணையவே இல்லை. படிப்படியாக, அமைதியாக விழும் சந்தை தளம்பல் வடிகட்டிக்குப் பிடிபடுவதில்லை.

இங்கே எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். தளம்பலை முழுதாகப் போடுவதற்கும் அணைப்பதற்கும் பாவிப்பதைவிட, எவ்வளவு காசு போடுவது என்பதைத் தீர்மானிக்கப் பாவிப்பது நல்லது. நமக்குத் தாங்கக்கூடிய தளம்பல் 15 என்று வைத்தால், சந்தையின் தளம்பல் 30 ஆகும்போது பாதிக் காசை மட்டும் உள்ளே வைப்பது, 60 ஆகும்போது கால்வாசி. தளம்பல் இறங்க இறங்கத் தானாகக் கூடும். 20ஆ 25ஆ என்ற ஒரு தனி எண்ணில் ஒரு வருடம் தொங்க வேண்டியதில்லை. முழுதாக அணைக்கும் வேலையைப் போக்கு வடிகட்டிக்கு விட்டுவிடலாம், அதுவும் தினமும் பார்க்காமல் மாதம் ஒருமுறை.

கோட்டைத் தாண்டி ஒரு இடைவெளி வைத்தால் என்ன என்று எங்களில் ஒருவர் கேட்டார். அதாவது சராசரிக்கு 2 சதவீதம் மேலே போனால்தான் வாங்குவது. போட்டுப் பார்த்தோம். மார்ச் 2இன் 3,090 அதில் சிக்கவில்லை, ஆனால் மார்ச் 4இன் 3,130 சிக்கிவிட்டது. 3 சதவீதம் வைத்தால் இரண்டுமே தப்பும். அப்படியானால் 3 சதவீதம்தான் சரியா? இல்லை. அது அந்த ஒரு வாரத்தின் விடைத்தாளைப் பார்த்து எழுதிய எண். அடுத்த நெருக்கடியின் வினாத்தாள் வேறு. யாராவது "187 நாள் சராசரி, 3.1 சதவீத இடைவெளி" என்று துல்லியமான எண்களோடு வந்தால், 187ஐ 170 ஆகவும் 210 ஆகவும் மாற்றிப் பாருங்கள். விளைவு கொஞ்சம் மாறினால் பரவாயில்லை. தலைகீழாக மாறினால் அந்த எண் பழைய விலைகளை மனப்பாடம் செய்திருக்கிறது.

இன்னொன்று, சுவிட்சை யாருக்காக வைக்கிறோம் என்பது. மேலே பார்த்தது வாங்கி வைத்திருக்கும் முறைக்கான கணக்கு. ஊரில் விற்கப்படுவதோ விழும்போது வாங்கி, சில நாளில் மீளும்போது விற்கும் முறை. அப்படியான முறைக்குக் கொஞ்சம் ஆட்டம் தேவை. ஆடாத சந்தையில் விழவும் மாட்டாது, மீளவும் மாட்டாது. போக்கு ஏறுமுகமாக இருந்து தளம்பல் கூடியிருக்கும் நேரம் அதற்குப் பெரும்பாலும் அறுவடைக் காலம். தளம்பல் கூடினால் அணை என்று கண்ணை மூடிக்கொண்டு சுவிட்ச் வைத்தால் அந்த அறுவடையையே அணைத்துவிடலாம். ஆகவே முறையின் பழைய வியாபாரங்கள் ஒவ்வொன்றையும், வாங்கிய அன்று போக்கு மேலா கீழா, தளம்பல் கூடவா குறைவா என்று பார்த்து நான்கு பெட்டிகளில் போட வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் சராசரி லாபம் என்ன, எத்தனை வியாபாரம் என்று எண்ண வேண்டும். நட்டம் குவிந்த பெட்டிக்குத்தான் சுவிட்ச். அந்தப் பெட்டியில் ஏழெட்டு வியாபாரங்கள்தான் இருந்தால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. எங்களிடம் வந்த கோப்பில் இந்தப் பிரிப்பு இல்லவே இல்லை.

கடைசியாக நம் நாட்டு விஷயம். சுவிட்ச் "விற்று வெளியே வா" என்று சொல்லும் நாளில் சந்தை திறந்திருக்க வேண்டும். 2020 மார்ச் 20 முதல் மே 11 வரை கொழும்புப் பங்குச் சந்தை மூடிக் கிடந்தது. மேலே நாம் நாள் நாளாகப் பார்த்த அமெரிக்கச் சந்தையின் அடிமட்டமும் மீட்சியின் பெரும்பகுதியும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். திறந்த அன்றே விலைவீழ்ச்சி காரணமாக வர்த்தகம் நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்ததற்கு அடுத்த வாரம், மறுபடி ஐந்து வர்த்தக நாட்கள் மூடினார்கள். 25ஆம் திகதி திறந்ததும் மறுபடி வீழ்ச்சி, மறுபடி நிறுத்தம். எக்செல்லில் இந்த நாட்கள் வெறும் வரிகள்கூட அல்ல, இல்லாத வரிகள். பெப்ரவரியிலேயே வெளியே வந்த மாத விதிக்கு இதனால் பெரிய பாதிப்பு இருந்திருக்காது, நெருக்கடி முற்றிய பிறகு விழிக்கும் விதிக்குத்தான் கதவு பூட்டியிருக்கும். சிறிய கம்பனிப் பங்குகளில் சந்தை திறந்திருந்தாலும் வாங்க ஆள் இருக்காது, முடிவு விலை என்று எக்செல்லில் இருப்பது நமக்குக் கிடைக்கும் விலையாகவும் இருக்காது.

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இப்படியொரு கோப்பு இருந்தால், படத்தை அல்ல, சூத்திரங்களோடு உள்ள கோப்பைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு பதில். தந்தால் லாப நிரலில் ஏதாவது ஒரு கட்டத்தை அழுத்தி, சுவிட்சின் வரி எண்ணும் மாற்றத்தின் வரி எண்ணும் ஒன்றா, ஒன்று பிந்தியதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு முறை 0 1 ஆகவோ 1 0 ஆகவோ மாறும் இடத்திலும் 1.12 சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள். தெரியாவிட்டால் செவ்வாய், வியாழன் பின்னேரங்களில் நாங்கள் பாடசாலைக் கணினி அறையில்தான் இருப்போம், யுஎஸ்பியில் போட்டுக் கொண்டுவாருங்கள்.